"நிவர்த்தி செய்யப்பட்டது" என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. போன வாரம் அவள் பள்ளியில் ஆண்டாய்வு நடந்தது. குழு எழுதிப்போன குறைகளையும், அதற்குத் தான் தயாரித்த பதிலையும் வாட்ஸப்பில் அனுப்பி, "சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். பதினொரு குறைகள். ஆறுக்கு "நிவர்த்தி செய்யப்பட்டது". ஐந்துக்கு "இனிவரும் காலங்களில் சரிசெய்யப்படும்".

"இதை நீ எழுதலம்மா, நான்தான் எழுதியிருக்கேன்" என்றேன். உண்மைதான். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி நானும் இதே இரண்டு வாக்கியங்களைத்தான் எழுதினேன். கோப்பு மூடப்படும், குறை திறந்தே கிடக்கும். வெட்கத்தோடு சொல்கிறேன், இது பதில் அல்ல. அழகான கையெழுத்தில் எழுதிய பொய்.

அவள் அறிக்கையில் முதல் குறை: "மாணவியர் கழிப்பறை பயன்பாட்டில் இல்லை." பதில்: "சுத்தம் செய்யப்பட்டு பயன்பாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது." ஏன் பயன்பாட்டில் இல்லை என்று கேட்டேன். தண்ணீர் ஏறவில்லை, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சாவி ஆசிரியர் அறையில். இந்த மூன்றில் எது சுத்தம் செய்தால் தீரும்? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். அந்த வாக்கியம் மூடி மறைப்பது இதைத்தான்.

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். தாழ்ப்பாள்: கைத்தொழில் ஆசிரியர், நவம்பர் 10. சாவி: இனி பூட்டே கிடையாது, நாளை முதல், பொறுப்பு தலைமையாசிரியை. குழாய் பள்ளியின் கையில் இல்லை, ஊராட்சியின் கையில். இங்கேதான் எல்லோரும் "ஊராட்சிக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது" என்று கை கழுவுகிறோம். குழாய் போடுவது நம் வேலை இல்லை என்றால், விடாமல் கேட்பது நம் வேலை. நவம்பர் 11 கடிதம். 25 வரை பதில் இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் நேரில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தானே, அவர்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கட்டும். அதுவரை தினமும் காலையில் தொட்டியில் தண்ணீர் நிரப்ப ஓர் ஆள். கடைசியாக ஒரு வரி: டிசம்பர் 5 இடைவேளையில் ஓர் ஆசிரியை அங்கே நின்று, எத்தனை பிள்ளைகள் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். அந்த எண்தான் நிவர்த்தி. புகைப்படம் அல்ல.

இரண்டாவது: "மூன்றாம் வகுப்பில் பலர் சரளமாக வாசிக்கவில்லை." பதில்: "தனிக்கவனம் செலுத்தப்படும்." யார்மீது? "பலர்" என்பவர் யார்? பெயர் எழுதச் சொன்னேன். 22 பேரில் 9 பேர். அதில் நால்வருக்கு எழுத்தே தெரியவில்லை. ஐவருக்கு எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. இரண்டும் வேறு வேறு நோய், ஒரே மருந்து கொடுக்க முடியாது. இரண்டு குழுவாகப் பிரித்து, நவம்பர் 6 முதல் தினம் அரை மணி நேரம், பொறுப்பு வகுப்பாசிரியை. டிசம்பர் 18 அன்று வாசிக்க வைத்துப் பார்ப்பது மட்டும் வேறோர் ஆசிரியர். சொல்லிக்கொடுத்தவரே மதிப்பெண் போட்டால் என்ன வரும் என்று நமக்குத் தெரியாதா?

எல்லாம் எழுதி முடித்தபின் பொறுப்பாளர் பெயர்களை எண்ணச் சொன்னேன். இருபத்தாறு வேலைகளில் பதினேழு அவள் பெயரில்! பாதி தேதிகள் நவம்பர் 30. இப்படி ஒரு திட்டம் நடக்கவே நடக்காது. பிரித்துக் கொடுக்க வைத்தேன். "அனைத்து ஆசிரியர்களும்" என்று இருந்த இடங்களை எல்லாம் அடித்து ஒரே ஒரு பெயர் எழுத வைத்தேன். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் யாருக்கும் இல்லை.

"ஆள் இல்லை, நிதி இல்லை, இதில் திட்டம் வேறா?" என்று சிலர் கோபப்படுவீர்கள். நியாயமான கோபம். ஆனால் "நிவர்த்தி செய்யப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தபின் எந்த முகத்தோடு நிதி கேட்பீர்கள்? குறைதான் தீர்ந்துவிட்டதே! முடியாததை "இந்தத் தேதியில் இவரிடம் கேட்டோம், இன்னும் வரவில்லை" என்று எழுதினால்தான் அது மேலே இருப்பவர் மேசைக்குப் போகும்.

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளியில் பணிபுரிபவர்கள் போன ஆண்டு அறிக்கையையும் இந்த ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குறை இரண்டிலும் இருந்தால், நடுவில் நாம் எழுதிக் கொடுத்தது என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.