மொத்தத்திலிருந்து பின்னோக்கி



மளிகைக் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் வாசகி ஒருவர், பில் நகல் ஒன்றை அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். பெண்கள் விடுதி ஒன்றுக்குக் கடைக்காரர் போட்ட பில் அது. தாள் நனைந்து நடுப்பகுதி அழிந்துவிட்டது. அடியில் உள்ள எண்கள் மட்டும் தெரிகின்றன: சிஜிஎஸ்டி 2.5 சதவீதம் 55 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி 2.5 சதவீதம் 55, சிஜிஎஸ்டி 9 சதவீதம் 81, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் 81, மொத்தம் 6,072. இதில் வரிக்குரிய மதிப்பு எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி. பலருக்கும் பயன்படும் என்பதால் இந்தப் பக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வரித்தொகைகளையும் கூட்டினால் 272. அதை மொத்தத்தில் கழித்தால் 5,800. அவரும் அதைத்தான் வரிக்குரிய மதிப்பாகக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் 5,800 ரூபாய்க்கு 272 ரூபாய் வரி என்றால் விகிதம் ஏறத்தாழ 4.7 சதவீதம். அப்படி ஒரு விகிதம் ஜிஎஸ்டியில் கிடையாது. இரண்டு விகிதங்கள் கலந்த பில்லில் சராசரி எப்படியும் வரலாமே என்று கேட்கலாம். அந்தச் சராசரி 5க்கும் 18க்கும் நடுவில்தான் விழ வேண்டும். ஐந்துக்கும் கீழே போனால், வரியே இல்லாத சரக்கு ஏதோ அந்தத் தொகைக்குள் இருக்கிறது என்று பொருள்.

அதனால் மொத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு வரித்தொகையிலிருந்தும் பின்னோக்கிப் போவோம். 55ஐ 100ஆல் பெருக்கி 2.5ஆல் வகுத்தால் 2,200. அது சமையல் எண்ணெய். 81ஐ 100ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 900. அது சலவைத் தூள். ஆக, வரிக்குரிய மதிப்பு 3,100 மட்டுமே. 5,800இல் மிஞ்சும் 2,700 ரூபாய், மூட்டையிலிருந்து சில்லறையாக அளந்து கொடுத்த அரிசி; அதற்கு வரி இல்லை. கடைக்காரரிடம் கேட்டு வாசகி இதை உறுதி செய்துகொண்டார். மாதாந்தர ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் 3,100 ஓரிடத்திலும் 2,700 வேறிடத்திலும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து வரிக்குரிய விற்பனையாகக் காட்டினால், வரித்தொகை சரியாகவே இருந்தாலும் மதிப்புக்கும் வரிக்கும் பொருந்தாது.

பாதி விகிதத்தையும் முழு விகிதத்தையும் குழப்பிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. 81ஐ 100ஆல் பெருக்கி 18ஆல் வகுத்தால் 450 வரும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் கூட்டிய 162ஐ 100ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 1,800 வரும். இரண்டுமே தவறு. பாதி வரிக்குப் பாதி விகிதம், முழு வரிக்கு முழு விகிதம். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாகவே இருக்கும். ஒன்று 81, மற்றொன்று 87 என்று நீங்கள் எடுத்து எழுதியிருந்தால், கணக்குப் போடும் முன் பில்லை இன்னொரு முறை பாருங்கள். வெளிமாநில விற்பனைக்கு ஐஜிஎஸ்டி என்று ஒரே தொகைதான். அங்கே பாதிக்கு வேலையில்லை.

தனியாக வரி காட்டாமல், வரி உட்பட விலை மட்டும் இருக்கும் பில்லும் வரும். 18 சதவீதப் பொருளுக்கு 11,800 ரூபாய் என்றால், அதில் 18 சதவீதத்தைக் கழிப்பவர்கள் 9,676க்குப் போய் நிற்கிறார்கள். சரியான விடை 10,000. விற்ற விலையை 100ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் வரி போட்டது 11,800க்கு அல்ல, அதற்குள் இருக்கும் 10,000க்கு.

பின்னோக்கிப் போகும் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. வரித்தொகை பைசாவுக்கு முழுமையாக்கி அச்சிடப்படுகிறது. 100 ரூபாய்க்கு விற்ற 5 சதவீதப் பொருளின் மதிப்பு 95.24, பாதி வரி 2.38. இந்த 2.38இலிருந்து திரும்பினால் 95.20தான் கிடைக்கும். அரைப் பைசா வரை நிகழும் முழுமையாக்கம், 2.5ஆல் வகுக்கும்போது நாற்பது மடங்காகி 20 பைசா வரை போகலாம். வரியை ரூபாய்க்கே முழுமையாக்கும் கடைகளில் அந்த வித்தியாசம் 20 ரூபாய் வரைகூட ஆகும். ஆகவே பில்லில் வரிக்குரிய மதிப்பு தெளிவாக அச்சாகியிருந்தால் அதையே எழுதுங்கள். கணக்கிட்டு வந்த எண்ணைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாசகியின் பில்லில் 2,200, 900 என்று முழு எண்களாகவே வந்தன. மொத்தமும் பைசா பிசகாமல் கூடியது. ஒருவேளை சில பைசா விலகியிருந்தாலும், பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு தேட வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்