எச்சரிக்கையா, நினைவூட்டலா?

பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களுள் வருகைக் குறைவு பற்றிய கடிதமே பெற்றோரை மிகுதியும் அஞ்ச வைக்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத்தேர்வை எழுத, மாணவர் ஒருவர் பள்ளி நடைபெற்ற நாள்களுள் நூற்றுக்கு 75 விழுக்காடு வந்திருத்தல் வேண்டும். இவ்விதியைப் பல பள்ளிகள் ஏறத்தாழ ஒரே தொடரில் அறிவிக்கின்றன: "தங்கள் மகளின் வருகை 70 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இந்நிலை தொடருமாயின் தேர்வு எழுத அனுமதிக்கப்படமாட்டார்." சொல்லப்பட்டது உண்மைதான். எனினும் அதைப் படித்த பெற்றோர் மறுநாள் காலை என்ன செய்வது என்று அறியார்.

தில்லி போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடிதம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வருகிறது. அதைத் தாய்க்குத் தமிழில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் அந்த மாணவரே. யாரைப் பற்றிய குற்றச்சாட்டோ, அவரே அதற்கு மொழிபெயர்ப்பாளர்! "அனுமதிக்கப்படமாட்டார்" என்னும் சொல்லை அவர் விட்டுவிடலாம்; அல்லது, "பள்ளியில் கோபமாக இருக்கிறார்கள், அம்மா" என்று சுருக்கிவிடலாம். கடிதம் மிரட்டும் அளவுக்கு அதை மறைக்கும் விருப்பமும் வளர்கிறது. ஆகவே கனிவான நடை என்பது வெறும் நாகரிகத்துக்காக வேண்டப்படுவதன்று. செய்தி வீட்டிற்குள் முழுமையாகச் சென்று சேர்வதற்கு அது தேவைப்படுகிறது.

ஒரு பத்தாம் வகுப்பு மாணவியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு கணக்கில் கொள்ளப்படும் பள்ளி நாள்கள் 200 என்க. அவற்றுள் 140 நாள்கள் கடந்துவிட்டன. அவள் வந்தவை 98, வாராதவை 42. வருகை 70 விழுக்காடு. பழைய முறைக் கடிதம் இவ்வெண்ணோடு நின்றுவிடும். அந்த 42 நாள்களையும் பிரித்துப் பார்க்கும் ஆசிரியர்க்கோ வேறொரு காட்சி தெரிகிறது. 12 நாள்கள் டெங்குக் காய்ச்சலில் போயின. 16 நாள்கள் மதுரைப் பக்கத்துச் சிற்றூரில் பாட்டி இறந்தபோது போயின. தில்லியிலிருந்து தொடர்வண்டியில் அவ்வூர் சேர ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் திரும்பவும் இயலாது. எஞ்சிய 14 நாள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கேட்டால் காரணம் தெரிகிறது: தம்பிக்கு உடல்நலம் குன்றும்போதெல்லாம் தாய் வேலைக்குச் செல்ல, அக்காள் வீட்டில் இருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறாள்.

முதல் இரு காரணங்களும் கடந்து போனவை. மூன்றாவது காரணம் இன்னும் தொடர்கிறது. மாற்றக் கூடியதும் அதுவே. இதனைக் கண்டறியாமல் எழுதப்படும் கடிதம், மாணவியைச் சோம்பேறி என்று மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது.

அடுத்த கணக்கு எளியது. 200 நாள்களுக்கு 75 விழுக்காடு 150. அவள் 98 நாள்கள் வந்துவிட்டாள். இன்னும் 52 நாள்கள் வரவேண்டும். மீதமுள்ளவை 60. எனவே 8 நாள்கள் வரையில் விடுப்பு எடுத்தாலும் அவள் குறித்த எல்லையை எட்டிவிடுவாள். "70 விழுக்காடு" என்னும் எண்ணைவிட "8 நாள்" என்னும் எண் அந்த வீட்டிற்கு மிகுந்த பயன் தரும். விழுக்காட்டைக் கொண்டு ஒரு தாய் எதையும் திட்டமிட முடியாது. எட்டு நாளைக் கொண்டு ஊர் செல்வதா, வேண்டாவா என்று முடிவு செய்யலாம்.

இவற்றையெல்லாம் கொண்டு எழுதப்படும் கடிதம் இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய பெற்றோர்க்கு வணக்கம். தங்கள் மகள் இதுவரை நடைபெற்ற 140 நாள்களில் 98 நாள்கள் பள்ளிக்கு வந்துள்ளார். பொதுத்தேர்வு எழுத 150 நாள் வருகை தேவை. இனி வரும் 60 நாள்களில் 52 நாள்கள் வந்தால் அவ்வெண்ணிக்கை நிறைவாகும். காய்ச்சலின்போது பெற்ற மருத்துவச் சான்றின் படியை இவ்வாரத்திற்குள் வகுப்பாசிரியரிடம் தந்தால் கோப்பில் வைக்கப்படும். பின்னர்த் தேவைப்படின் அது உதவும். வீட்டுச் சூழல் காரணமாக அவர் வர இயலாத நாள்கள் உண்டெனில், வகுப்பாசிரியரிடம் பேசலாம். சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை அவர் பள்ளியில் இருப்பார், தமிழிலும் பேசலாம்."

இக்கடிதத்தில் விதி சிறிதும் தளர்த்தப்படவில்லை. மாறியவை வினைச்சொற்களே. பழைய கடிதத்தில் "அனுமதிக்கப்படமாட்டார்" என்று செயப்பாட்டு வினை வந்தது. யார் அனுமதிக்க மறுக்கிறார் என்பது அதில் ஒளிந்துகொண்டது. புதிய கடிதத்தில் வருவோர், தருவோர், பேசுவோர், காத்திருப்போர் யார் யாரெனத் தெரிகிறது. "இந்நிலை தொடருமாயின்" என்று இருந்த இடத்தில் "வந்தால்" என்பது நிற்கிறது. இரண்டும் நிபந்தனையே, ஆனால் ஒன்று தோல்வியை முன்வைக்கிறது, மற்றொன்று வழியை முன்வைக்கிறது. "பேச வேண்டும்" என்பதும் "பேசலாம்" என்பதும் அவ்வாறே வேறுபடுகின்றன.

கனிவு என்ற பெயரில் விதியையே மழுப்பிவிடும் கடிதங்களும் உண்டு. "கவலை வேண்டா, இயன்றவரை வாருங்கள்" என்று எழுதுவது அன்புபோலத் தோன்றினும் பெருந்தீங்கு செய்யும். அம்மாணவி மேலும் 12 நாள்கள் வாராதிருந்தால் வருகை 146 ஆகிவிடும். அது 73 விழுக்காடு. அப்போது விலக்களிக்குமாறு வாரியத்திடம் வேண்ட நேரும். கடுமையான நோய் போன்ற காரணங்களுக்கு வாரியம் விலக்கு அளிப்பது உண்டு. ஆயினும் அதற்கு உரிய சான்றுகள் வேண்டும். உறவினர் திருமணத்துக்குப் போனதற்கு மருத்துவச் சான்று எங்கிருந்து வரும்? எல்லை எது என்பதை ஒளிக்காமல் சொல்வதும் ஆதரவின் ஒரு பகுதியே.

காலமும் கருதத்தக்கது. இதே கடிதம் 180 நாள்கள் கடந்த பின் வந்ததாகக் கொள்வோம். அன்று ஒரு மாணவரின் வருகை 125 எனின், எஞ்சிய 20 நாள்களும் தவறாமல் வந்தாலும் 145தான் ஆகும். அத்தகைய கடிதத்தில் எவ்வளவு இன்சொல் பெய்தாலும் மாணவர் செய்யத்தக்கது ஒன்றும் அதில் இராது. அறுபதாம் நாளிலேயே வருகைப் பதிவேட்டைப் பார்த்து, குறைவு தென்படும் வீடுகளுக்கு மட்டும் எழுதுவதே தக்கது. எல்லார்க்கும் ஒரே சுற்றறிக்கையை அனுப்பினால், நாள்தோறும் வருபவர் வருந்துவர். வாராதவர் அது தமக்கன்று என்று எண்ணுவர்.

சீருடை பற்றிய நினைவூட்டலில் சிக்கல் சிறிது. ஆனால் கூச்சம் பெரிது. தில்லிக் குளிருக்குப் புதிதாக வந்த குடும்பம், சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்புக் கம்பளிச் சட்டையை வாங்கிக் கொடுத்திருக்கும். பள்ளியின் நிறமோ கருநீலம். காலை வழிபாட்டு வரிசையில் அம்மாணவரை முன்னே அழைத்து நிறுத்துவதைவிட, குளிர்காலச் சீருடை தொடங்கும் நாளை மூன்று வாரம் முன்னரே எழுதித் தெரிவிக்கலாம். வளர்ந்த மாணவர்கள் விட்டுச் சென்ற கம்பளிச் சட்டைகளைத் துவைத்து வைத்திருக்கும் பள்ளியாயின், அவற்றை யாரிடம் கேட்டுப் பெறலாம் என்பதையும் அக்கடிதத்திலேயே குறிப்பிடலாம். அச்சட்டை கைக்கு வரும்வரை சிவப்புச் சட்டையோடு வகுப்பில் அமரலாம் என்னும் ஒரு வரியும் அதில் இருத்தல் வேண்டும். அவ்வரி இல்லையெனில், சட்டை வாங்கும் வரை அம்மாணவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். சீருடைக் குறை வருகைக் குறையாக மாறிவிடும்.