செய்தி சொல்வது லஞ்சமா?

சென்ற இதழில் வெளிவந்த 'நன்றிக் கடிதம் என்னும் நாகரிக லஞ்சம்' கட்டுரைக்கு இது என் எதிர்வினை. வெளிநாட்டு மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியருக்கு, இடம் கிடைத்த பிறகு மாணவர் நன்றி எழுதுவது கூழைக்கும்பிடு என்கிறார் கட்டுரையாளர். எழுதிக் கொடுப்பது வாங்கும் சம்பளத்தில் அடக்கமாம். பின்னால் இன்னொரு கடிதம் வேண்டியிருக்கும் என்று நினைத்து நன்றி எழுதினால், அது அடுத்த வேலைக்கு இப்போதே கொடுக்கும் அட்வான்ஸாம். உண்மையான நன்றி மனதுக்குள் இருந்தால் போதுமாம். இவ்வளவு கோபத்தோடு எழுதியவர், ஒரு பரிந்துரைக் கடிதம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று எந்த ஆசிரியரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கட்டுரை முதல் பத்தியோடு முடிந்திருக்கும்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறேன். சம்பளக் கணக்கு பேசுகிறாரே, அதிலிருந்தே தொடங்குவோம். வகுப்பு, லேப், ப்ராஜெக்ட், பேப்பர் திருத்துவது எல்லாம் எங்கள் பணிப்பட்டியலில் உண்டு. எல்ஓஆர் இல்லை. எழுத மாட்டேன் என்று சொல்லும் ஆசிரியர் மேல் யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று பேரின் கடிதம் கேட்கும். மாணவர் நான்கு இடத்துக்கு விண்ணப்பித்தால் எனக்கு நான்கு லிங்க் வரும். நான்கிலும் தனித்தனியாக உள்ளே போக வேண்டும். கடிதத்தை ஏற்றினால் மட்டும் போதாது. பல படிவங்களில், இதுவரை நான் பார்த்த மாணவர்களில் இவர் முதல் ஒரு சதவீதத்திலா, ஐந்திலா, பத்திலா என்று ஒவ்வொரு குணத்துக்கும் குறிக்கச் சொல்வார்கள். கடைசித் தேதிகளில் பாதி டிசம்பரில் விழும். இங்கே அப்போதுதான் செமஸ்டர் தேர்வும் விடைத்தாள் திருத்தலும். அவர்கள் ஊரின் கிழக்குக் கரையில் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை பத்தரை. முதல் பீரியட் முடிந்து ஓடிவந்து கடிதம் ஏற்றிய ஆசிரியர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. இதற்கு ஓவர்டைம் எந்தக் கல்லூரி கொடுக்கிறது என்று கட்டுரையாளர் சொன்னால் நாளைக்கே அங்கே சேர்ந்துவிடுகிறேன்.

அதைவிட முக்கியமான ஒன்று அவருக்குத் தெரியவே இல்லை. இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் கண்ணைக் கட்டியிருக்கிறது. கல்வி ஆவணங்களைப் பற்றி 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, சேர்ந்த பிறகு தன் கடிதத்தைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும்போதே அந்த உரிமையைப் பெரும்பாலோர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. ஆகவே நான் என்ன எழுதினேன் என்று மாணவருக்குத் தெரியாது. 'உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது, நன்றி' என்ற தானியங்கி மின்னஞ்சலோடு பல்கலைக்கழகம் என்னை மறந்துவிடும். இடம் கிடைத்ததா, இல்லையா, நான் குறித்த 'முதல் ஐந்து சதவீதம்' எடுபட்டதா என்று ஒருவரும் எனக்குச் சொல்ல மாட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு ஒரே வழி மாணவர்தான். கட்டுரையாளர் லஞ்சம் என்று பெயர் வைத்திருப்பது அந்த ஒரே வழிக்கு.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அட்மிட் வந்துவிடும். 'விசா கையில் வரட்டும், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே, கண் பட்டுவிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடியும்போது ஜூன், ஜூலை ஆகிவிடும். அப்புறம் ஷாப்பிங், பெட்டி எடை, வழியனுப்பு விழா. பேராசிரியருக்குச் செய்தி கடைசியில் கல்லூரி வாசல் ஃபிளெக்ஸிலிருந்து கிடைக்கும். கண்பட்டுப் போகும் என்ற பயத்தைக்கூட மன்னித்துவிடலாம். பரிந்துரை எழுதியவரையே கண் வைப்பவர்கள் கூட்டத்தில் சேர்த்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நல்ல நன்றிக் கடிதம் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஆற்று மணலில் ஒரு பகுதிக்குப் பதில் தாமிரக் கசடு சேர்த்து கான்கிரீட் செய்யும் ப்ராஜெக்டில் என்னிடம் இருந்த மாணவி, முடிவு வந்த அந்த வாரமே ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி:

'சார், விண்ணப்பித்த நான்கில் இரண்டு இடம் கிடைத்தது. கட்டுமானப் பொருட்கள் பிரிவு இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. தேர்வு நேரத்தில் நான்கு இடத்துக்கும் தேதி தவறாமல் கடிதம் அனுப்பினீர்கள், நன்றி. முதல் பேட்ச் கியூப்கள் 28-ஆம் நாள் சோதனையில் கணக்கிட்ட வலிமைக்குக் கீழே உடைந்தபோது அதை மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னீர்கள். என் விண்ணப்பக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். சேரப்போகும் லேபின் பேராசிரியர் அதைப் பற்றித்தான் கேட்டு எழுதியிருந்தார். துறைக் கோப்புக்காக அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். கல்லூரி மின்னஞ்சல் மூடிவிடும், இனி இந்த முகவரி.'

அவ்வளவுதான். தெய்வம், வழிகாட்டும் ஒளி என்றெல்லாம் ஒரு சொல் இல்லை. 'உங்கள் அருமையான கடிதத்தால்தான் கிடைத்தது' என்றும் அவள் எழுதவில்லை. கடிதத்தை அவள் பார்த்ததில்லை, பார்க்காததைப் புகழ முடியாது. தான் கண்ணால் கண்டதற்கு மட்டும் நன்றி சொன்னாள்: தேதி தவறாமல் அனுப்பியதற்கும், உடைந்த கியூபுக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் கூழைக்கும்பிடு பக்கமே போகாமல் எழுதலாம். 'சார், என்னதான் எழுதினீர்கள்?' என்று அப்புறமாகக் கேட்பவர்களும் உண்டு. விட்டுக்கொடுத்த உரிமையைக் கொல்லைப்புறமாகத் திருப்பிக் கேட்கும் வேலை அது.

அந்த நகல் விஷயத்தையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டும். நாக் மதிப்பீடு வரும்போது, எத்தனை மாணவர்கள் மேல்படிப்புக்குப் போனார்கள் என்பதற்குக் கல்லூரி ஆதாரம் காட்ட வேண்டும். என்பிஏ அங்கீகாரத்திலும் அந்தக் கணக்கு உண்டு. அந்த வாரங்களில் துறையில் யாராவது ஒருவர் பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு அனுமதிக் கடிதத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மாணவி கேட்காமலே இணைத்து அனுப்பினால் அது முகஸ்துதி இல்லை, எங்களுக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

லஞ்சம் என்பது வேலை நடப்பதற்காகக் கொடுப்பது, அதற்கு ஒரு விலையும் உண்டு. வேலை முடிந்து முடிவும் தெரிந்த பிறகு வரும் எட்டு வரிக்கு என்ன விலை போடுவார்? அன்பளிப்பு வேறு விஷயம். பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு, போனில் பேரம் பேசி வாங்கிய ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளே அன்பளிப்புக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அவரோ குத்துவிளக்கையும் மின்னஞ்சலையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்.

சரி, 'பின்னால் தேவைப்படும் என்று நினைத்து எழுதுவது' என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஆமாம், தேவைப்படும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதே மாணவி மூன்று வருடம் கழித்து பிஎச்டிக்கு விண்ணப்பித்தாள். அங்கும் மூன்று கடிதம் வேண்டும். அங்கிருந்து இரண்டு, இளநிலை ப்ராஜெக்ட் கைடு என்ற முறையில் நான் மூன்றாவது. இடையில் அவளிடமிருந்து அதிகம் வரவில்லை. முதல் செமஸ்டர் முடிந்ததும் நான்கு வரி, ஆய்வேட்டுத் தலைப்பு உறுதியானதும் ஒன்று. சொல்லச் செய்தி இருந்தபோது எழுதினாள், இல்லாதபோது சும்மா இருந்தாள். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்பே, ஆய்வேட்டுச் சுருக்கமும் இடங்களின் பட்டியலும் வைத்துக் கேட்டாள். அதே மின்னஞ்சல் தொடரில் பழைய நன்றிக் கடிதம் இருந்தது. உடைந்த கியூபிலிருந்து அவள் இப்போது செய்யும் ஆய்வு வரை ஒரே கோடாக எழுத முடிந்தது.

அதே டிசம்பரில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு வாட்ஸ்அப்: 'சார், உங்க ஸ்டூடண்ட், அர்ஜென்ட், நாளைக்கு லாஸ்ட் டேட்.' போனபோது நான் கொடுத்த கடிதத்தால் இடம் கிடைத்ததா என்றுகூடச் சொல்லாமல் போன பையன். முதலில் என் பழைய கல்லூரி முகவரிக்கு எழுதியிருக்கிறான், அது திரும்பிவிட்டது. தனியார் கல்லூரி ஆசிரியர்கள் இடம் மாறுவது சாதாரணம், மாறினால் பழைய முகவரி மூடிவிடும். தொடர்பில் இருந்தவர்களுக்குப் புதிய முகவரி தெரியும். எழுதிக் கொடுத்தேன். 'என் பாடத்தில் இன்ன மதிப்பெண், ஒழுங்காக வருவார்.' எனக்கு அவனைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். வகுப்பில் நன்றாகப் படித்தார் என்று மட்டும் சொல்லும் கடிதம் பிஎச்டி தேர்வில் எந்த எடையும் பெறாது. நான் பழிவாங்கவில்லை, எழுதக் கையில் சரக்கு இல்லை. மனதுக்குள்ளேயே நன்றி வைத்திருந்தவன் அவன். கட்டுரையாளரின் இலக்கண மாணவன்.

இவ்வளவு நேர்மை பேசிய அவர் கடைசிக்கு முந்திய பத்தியில் சறுக்குகிறார். தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க 'பொங்கலுக்கும் ஆசிரியர் தினத்துக்கும் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினால் போதும்' என்கிறார். அனுப்புகிறவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத கரும்புப் பானைப் படம், இருநூறு பேருக்கு ஒரே தட்டில் போவது, அது மாசற்ற அன்பு. உடைந்த கியூபை நினைவுகூர்ந்து எழுதிய கடிதம் லஞ்சம். இந்தத் தராசை அவர் எந்தக் கடையில் வாங்கினார் என்று தெரியவில்லை.

ஒரு இடத்தில் அவர் சொல்வது சரி. பல கல்லூரிகளில் கடிதத்தை மாணவரே எழுதுகிறார், ஆசிரியர் கையெழுத்து மட்டும் போடுகிறார். இது எங்கள் தொழிலின் அசிங்கம். வெளியே தெரிந்தால் கிடைத்த இடமே பறிபோகலாம். அப்படிப்பட்டவருக்கு எதற்கு நன்றி என்று அவர் கேட்பது நியாயம். ஆனால் சோம்பேறி ஆசிரியரைக் காட்டி, உட்கார்ந்து எழுதியவருக்கும் செய்தி சொல்ல வேண்டியதில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

கட்டுரையின் முடிவில், தன் மகன் போன வருடம் வெளிநாட்டில் சேர்ந்துவிட்டதாகவும், யாருக்கும் ஒரு வரி நன்றி எழுதவில்லை என்றும், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்றும் பெருமையாகச் சொல்கிறார். சேர்ந்து ஒரு வருடத்தில் என்ன குறையும்? மூன்று பேர் எழுதியிருப்பார்கள். தாங்கள் பரிந்துரைத்த பையனுக்கு இடம் கிடைத்தது என்று அந்த மூவருக்கும் சென்ற இதழைப் படித்துத்தான் தெரிந்திருக்கும்.