ஓத்திமோ என்பது முதலிடம் அன்று

ஆங்கிலத்தின் வழியே இத்தாலியம் கற்கும் மாணவர் மனத்தில் ஒரு சிறு பட்டியல் விரைவில் பதிந்துவிடுகிறது: 'வெரி' என்றால் 'மோல்தோ', 'எக்ஸ்ட்ரீம்லி' என்றால் 'இஸ்ஸிமோ' ஈறு, 'தி பெஸ்ட்' என்றால் 'ஓத்திமோ'. முதல் இரண்டும் பெரும்பாலும் பொருந்தும். களைப்புற்றவரை 'மோல்தோ ஸ்தாங்கோ' என்றும், மேலும் அழுத்தமாக 'ஸ்தாங்கிஸ்ஸிமோ' என்றும் சொல்லலாம். மூன்றாவதுதான் பிழை.

இத்தாலிய இலக்கணம் உச்சநிலையை இரண்டாகப் பிரிக்கிறது. யாரோடும் ஒப்பிடாமல் ஒரு பண்பின் மிகுதியை மட்டும் சொல்வது ஒன்று. 'பெல்லிஸ்ஸிமோ' என்றால் பேரழகு, அவ்வளவே. ஒரு குழுவினுள் முதலிடம் தருவது மற்றொன்று. அதற்கு 'இல் பியூ பெல்லோ'. நல்லது எனப் பொருள்படும் 'புவோனோ' என்ற சொல்லுக்கு இவ்விரண்டும் வேர் மாறி வருகின்றன: முன்னதற்கு 'ஓத்திமோ', பின்னதற்கு 'இல் மில்யோரே'. 'புவோனிஸ்ஸிமோ' என்ற வடிவமும் வழக்கில் உண்டு. ஆனால் அது பெரிதும் உணவின் சுவையைப் பற்றியே வரும்.

குழப்பத்தின் வேர் லத்தீனில் உள்ளது. அங்கே 'ஒப்திமுஸ்' என்ற ஒரே சொல் இரு பணியையும் செய்தது. இத்தாலியத்தில் அதன் வழிவந்த 'ஓத்திமோ' ஒப்பீட்டைக் கைவிட்டது.

பரிந்துரைக் கடிதத்தில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஒரு பேராசிரியர் தம் மாணவியை 'மிக நல்ல மாணவி, தம் வகுப்பின் தலைசிறந்தோருள் ஒருவர்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார் எனக் கொள்வோம். 'உனோத்திமா ஸ்துதெந்தெஸ்ஸா, உனா தெல்லே மில்யோரி தெல் சுவோ கோர்ஸோ' என்பதே சரியான பெயர்ப்பு. இரண்டு இடத்திலும் 'ஓத்திமா' இட்டால் வகுப்பாரோடு செய்த ஒப்பீடு மறைந்து, மாணவியின் தகுதி குறைந்துவிடும். மறுதிசையில், இத்தாலியக் கடிதத்தின் 'ஓத்திமா' ஆங்கிலத்தில் 'தி பெஸ்ட்' ஆனால், எழுதியவர் தராத முதலிடத்தை மொழிபெயர்ப்பாளர் தந்துவிடுகிறார். இத்தாலியத் தொடக்கப்பள்ளி மதிப்பீட்டில் 'ஓத்திமோ' ஒரு தரநிலை. ஒரே வகுப்பில் பலர் அதனைப் பெறலாம்.

'மோல்தோ ஓத்திமோ', 'பியூ மில்யோரே' என்ற தொடர்களும் பிழையே. மிகுதியும் ஒப்பீடும் அச்சொற்களுக்குள்ளேயே அடங்கியுள்ளன. 'தி வெரி பெஸ்ட்' என்பதன் அழுத்தம் வேண்டுமெனில் 'இல் மில்யோரே இன் அஸ்ஸொலூத்தோ' என்பதே இயல்பு.

தமிழ் மாணவருக்கு இங்கே கூடுதல் கவனம் தேவை. 'மிகச் சிறந்த நூல்' என்ற தமிழ்த் தொடர் சிறப்பின் மிகுதியையும் குறிக்கும், முதலிடத்தையும் குறிக்கும். ஆகவே சொல்லுக்குச் சொல் தேடுவதைவிட, 'எவற்றுள்?' என்று கேட்பதே உறுதியான சோதனை. வாக்கியத்தில் அதற்கு விடை இருந்தால் 'மில்யோரே', இல்லையெனில் 'ஓத்திமோ'. வகுப்பறையில் பட்டியலுக்கு முன் இக்கேள்வியே கற்பிக்கப்பட வேண்டும்.