எத்தனை பெட்ரூம் என்று கேட்காதீர்கள்

பிளாட் பார்க்கப் போனால் எத்தனை பெட்ரூம் என்றுதான் கேட்கிறீர்கள். கட்டில் போட்டபின் நடக்க இடம் இருக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

10-க்கு 10 அறையையே எடுத்துக்கொள்வோம். கட்டில் நீளம் ஆறரை அடி. கால்மாட்டுச் சுவரில் பீரோ 2 அடி. மிச்சம் ஒன்றரை அடி! பீரோ கதவைத் திறந்தால் நிற்க இடமில்லை. அந்தப் பக்கம் 12 அடி இருந்தால்தான் அது படுக்கையறை.

சமையலறையில் இரு பக்கமும் மேடை என்றால் 7 அடி அகலம் வேண்டும்; 6 அடிதான் என்றால் ஒரு பக்க மேடை போதும். கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை 4-க்கு 7-க்குக் குறையக்கூடாது. அதன் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். குறுகிய அறையில் வயதானவர் வழுக்கி விழுந்தால், உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும்.

விளம்பரப் படத்தை நம்பாதீர்கள். டேப்போடு போய், பூசிய சுவருக்குச் சுவர் அளந்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.