பத்திரம் நம் பெட்டியில், பட்டா யார் பெயரில்?

பெங்களூரில் சித்தாள் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று வருடக்கணக்கில் உழைத்து, அரூர் பக்கம் அரை ஏக்கர் வாங்குகிறோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டி பெட்டியில் பூட்டுகிறோம். நிலம் நமதாகிவிட்டது என்று நம்புகிறோம். விற்றவரோ தாலுகா அலுவலகக் கணக்கில் இன்னமும் நில உடைமையாளராகவே இருக்கிறார்.

பதிவுத்துறை வேறு, வருவாய்த்துறை வேறு. பத்திரம் வில்லங்கச் சான்றில் ஏறும். சிட்டா, அடங்கல், அ-பதிவேட்டில் பெயர் மாறினால்தான் பட்டா மாறும். முழு சர்வே எண்ணையும் வாங்கினால் வேலை சுலபம். நம்மவர்களுக்கு முழுசாக வாங்க எங்கே வசதி? இரண்டு ஏக்கர் உள்ள 112/3-ல் ஐம்பது சென்ட் வாங்கினால் அது உட்பிரிவு. சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் கோடு போட்டு, 112/3ஏ, 3பி என்று பிரிக்க வேண்டும். அளக்காதவரை 112/3 முழுவதும் விற்றவர் பெயரிலேயே நிற்கும், இல்லையென்றால் கூட்டுப் பட்டாவில் நம் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

விற்றவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழ் கொடுத்து இரண்டு ஏக்கருக்கும் பட்டா மாற்றிக்கொள்கிறார்கள். கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் அவர்களுக்கு. ரயில் பாதைக்கோ சிப்காட்டுக்கோ நிலம் எடுத்தால் நோட்டீசும் அவர்கள் பெயருக்கு. உழுபவர் நாம்.

பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். சிவில் கோர்ட்டில் பத்திரம்தான் ஜெயிக்கும். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு எத்தனை வருடம் கோர்ட்டுக்கு அலைவது? வக்கீல் வைக்க முடிந்தவனுக்குத்தான் அந்த ஆறுதல்.

"தானாகவே மாறிடும், போங்க" என்பதையும் நம்ப வேண்டாம். உட்பிரிவு இல்லாத கிரயத்துக்குத்தான் அது ஓரளவு பொருந்தும். உட்பிரிவு மனுவை இ-சேவை மையத்தில் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லைக் காட்ட மறுப்பதும், ஊர்ப் பெரியவர்கள் வந்து "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதும் வாங்கியவர் சேரிக்காரர் என்றால்தான் அடிக்கடி நடக்கிறது. அந்த "அப்புறம்" பத்து வருடமாகிவிடும்.

பட்டா வந்ததும் eservices.tn.gov.in தளத்தில் சிட்டாவை எடுத்து, பத்திரத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐம்பது சென்ட் என்றால் ஏறத்தாழ 20 ஏர்ஸ் இருக்க வேண்டும். 81 ஏர்ஸும் நான்கு பெயரும் இருந்தால் அது கூட்டுப் பட்டா, பிரிக்கவே இல்லை.

மனுவைத் தள்ளினால் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு கேளுங்கள். 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவின் மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். வாய்மொழியாகச் சொன்ன "இல்லை"யை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. அது தெரிந்துதான் பல அலுவலகங்களில் நம்மை வாயாலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.