காலாவதியாகும் உரிமை யாருடைய பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாதந்தோறும் குறிப்பிட்ட தேதியில் ஒரு நிறுவனப் பங்கைத் தானாக வாங்கிச் சேர்க்கும் எஸ்.ஐ.பி. வசதியைப் பல புரோக்கர்கள் தருகிறார்கள். தேதியையும் தொகையையும் சொல்லிவிட்டால் போதும், மற்றதை மறந்துவிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. மறந்திருக்கும் அந்த நேரத்தில் கையிலுள்ள பங்கின் நிறுவனம் உரிமைப் பங்கு வெளியீட்டை அறிவித்தால், முதலீட்டாளருக்குச் சொந்தமான ஒரு சொத்து அவர் கண்ணெதிரிலேயே ஒன்றுமில்லாமல் போகிறது. இதைச் சட்டமே அனுமதிப்பதை எதிர்த்துத்தான் இந்தக் கடிதம்.

2020-இல் ரிலையன்ஸ் நிறுவனம் 15 பங்குக்கு 1 என்ற விகிதத்தில், 1,257 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு வெளியிட்டது. ரெக்கார்டு தேதி மே 14. அன்று 150 பங்கு வைத்திருந்தவரின் டீமேட் கணக்கில் 10 ரைட்ஸ் என்டைட்டில்மென்ட், அதாவது ஆர்.இ., தனி வரியாக வந்து சேர்ந்தது. மே 20 முதல் 29 வரை அதைப் பங்குச் சந்தையில் விற்கலாம். அல்லது ஜூன் 3-க்குள் பணம் கட்டிப் பங்காக மாற்றிக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு கட்ட வேண்டியது ஒரு பங்குக்கு 314 ரூபாய் 25 காசு மட்டுமே. மீதி அடுத்த ஆண்டில் இரண்டு தவணைகள். பங்கு அப்போது சந்தையில் 1,400 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆர்.இ. வர்த்தகமான முதல் நாளிலேயே அதன் விலை 200 ரூபாயை ஒட்டி நின்றது. விலை வித்தியாசத்தோடு, முக்கால்வாசிப் பணத்தை வட்டியில்லாமல் பின்னால் கட்டலாம் என்ற சலுகையும் அந்த விலையில் சேர்ந்திருந்தது. ஆக, நமது 150 பங்குக்காரரின் கணக்கில் ஏறத்தாழ 2,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் இருந்தது. அவர் விற்கவும் இல்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்றால் வெளியீடு முடிந்ததும் அந்த வரி கணக்கிலிருந்து நீக்கப்படும். ஒரு காசு கூடக் கிடைக்காது.

எஸ்.ஐ.பி. இதில் எங்கே வருகிறது என்று கேட்கலாம். அந்த நாட்களில் தவணைத் தேதி வந்தால் ஆர்டர் வழக்கம்போலவே போகும். சந்தை விலையில் பங்கு வாங்கும். அதே பங்கை 1,257 ரூபாய்க்கு வாங்கும் உரிமை அதே கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும்! 10 பங்குக்கு விண்ணப்பிக்க அன்று தேவைப்பட்டது 3,142 ரூபாய் 50 காசுதான். மாதம் 5,000 ரூபாய் தவணை கட்டுபவரால் அதைத் திருப்பிவிட முடியாதா? முடியும், ஆனால் எஸ்.ஐ.பி.க்குக் கொடுத்த அனுமதி உரிமைப் பங்குக்குச் செல்லாது. அதற்கு வங்கியில் அஸ்பா முறையில் பணத்தை முடக்கி, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தவணை வாங்குவதை அந்த மாதம் நிறுத்த வேண்டிய அவசியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு தேதியை ஒட்டிப் பங்கின் விலை உரிமையின் மதிப்பைக் கழித்துக்கொண்டு இறங்குவது இயல்பு. இறங்கிய விலையில் வாங்குபவருக்கு அதனால் நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் பழைய பங்குகளுக்கு வந்த ஆர்.இ.யைக் கவனிக்காமல் விடுவதில்தான். பங்கின் விலையில் கழிந்தது ஆர்.இ.யாகத்தான் கைக்கு வந்தது. அதை விட்டவர் லாபத்தைத் தவறவிட்டவர் அல்லர், கைப்பொருளை இழந்தவர்.

முன்பு இதற்கு அவகாசமாவது இருந்தது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த செபி விதிப்படி, இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த நாளிலிருந்து 23 வேலை நாட்களுக்குள் உரிமைப் பங்கு வெளியீட்டை முடித்துவிட வேண்டும். நிறுவனங்கள் விரைவாகப் பணம் திரட்ட இது நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை கணக்கைப் பார்ப்பவருக்கு, அறிவிப்பு, ரெக்கார்டு தேதி, ஆர்.இ. வர்த்தகம், முடிவு எல்லாமே இரண்டு பார்வைகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடக்கூடும். நிறுவனத்துக்கு வேகம் கொடுத்த விதி, பங்குதாரருக்குப் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

நிறுவன இணைப்புகளில் நிலைமை எப்படி என்று பாருங்கள். 2023 ஜூலையில் எச்.டி.எஃப்.சி. நிறுவனம் எச்.டி.எஃப்.சி. வங்கியோடு இணைந்தபோது 25 பங்குக்கு 42 வங்கிப் பங்கு தரப்பட்டது. 30 பங்கு வைத்திருந்தவருக்குக் கணக்கு 50.4 என்று வரும். 50 பங்கு தானாக டீமேட் கணக்கில் ஏறும். மிச்சமுள்ள 0.4? இதுபோன்ற துண்டுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, ஒரு அறங்காவலர் மூலம் சந்தையில் விற்று, பணத்தை உரியவர்களுக்குப் பங்கிட்டுத் தருவது நம் நாட்டு இணைப்புத் திட்டங்களில் வழக்கம். பழைய பங்குக்கான எஸ்.ஐ.பி. அத்தோடு நின்றுபோகும், வேண்டுமானால் புதிதாகத் தொடங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு. பங்குதாரர் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவருக்குச் சேர வேண்டியது சேர்கிறது. முக்கால் பங்கு, அரைப் பங்குக்குக் கூட இத்தனை அக்கறை காட்டும் நம் முறை, முழு உரிமையை மட்டும் ஏன் காற்றில் விடுகிறது?

மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்புகிறோமே, கவனிக்காதது அவர் தவறுதானே என்பார்கள். துண்டுப் பங்குக்கு யாரும் அந்த நியாயத்தைப் பேசுவதில்லையே. தவிர, கவனக்குறைவுக்குத் தண்டனையாக ஒருவருடைய சொத்து இன்னொருவருக்குப் போவது எந்த வகை நீதி? உண்மையில் அது இன்னொருவருக்குத்தான் போகிறது. விண்ணப்பம் வராத பங்குகள், கூடுதலாகக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்கு அதே வெளியீட்டு விலையில் ஒதுக்கப்படுகின்றன. யாரும் வாங்காததை வாங்கிக்கொள்வதாக நிறுவனர் தரப்பே முன்கூட்டி உறுதி தருவதும் வழக்கம்தான். கடைசியில் கையில் ரொக்கம் உள்ளவர், தகவல் முதலில் எட்டுபவர், அவர்கள் பக்கமே இந்த மதிப்பு நகர்கிறது.

எல்லா ஆர்.இ.யையும் மொத்தமாக விற்றால் விலை சரிந்துவிடும் என்ற வாதத்தில் பொருள் உண்டு. வர்த்தகம் நடக்கும் நாட்களிலேயே கொட்டினால் சரியத்தான் செய்யும். லண்டன் சந்தையில் அதற்கு வழி கண்டிருக்கிறார்கள். வெளியீடு முடிந்தபின், யாரும் எடுக்காத பங்குகளை மொத்தமாகப் பெருமுதலீட்டாளர்களுக்கு விற்று, வெளியீட்டு விலைக்கு மேல் கிடைத்த தொகையை உரிமையைப் பயன்படுத்தாமல் விட்ட பங்குதாரர்களுக்கே அனுப்புகிறார்கள். நிறுவனத்துக்கு அதன் வெளியீட்டு விலை முழுதாகக் கிடைத்துவிடும். சந்தை விலை வெளியீட்டு விலைக்குக் கீழே போயிருந்தால் உரிமைக்கு மதிப்பே இல்லை. அப்போது விற்பதற்கும் எதுவும் இல்லை. கூடுதல் பங்கு கேட்பவர்களுக்கு இதனால் சலுகை விலையில் கிடைப்பது குறையும், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சலுகை அயலாருடைய பணத்திலிருந்து வந்தது என்பதே என் புகார்.

செபி செய்ய வேண்டியது இரண்டு. எடுக்கப்படாத உரிமைப் பங்குகளை விற்று, மிகுதித் தொகையை உரியவரின் வங்கிக் கணக்கில் சேர்க்கும் முறையைக் கட்டாயமாக்க வேண்டும். எஸ்.ஐ.பி. நடத்தும் புரோக்கர்கள், கணக்கில் ஆர்.இ. கிடக்கும்போது அதே பங்குக்கான தவணை ஆர்டரை அனுப்புமுன், “விற்கிறீர்களா, விண்ணப்பிக்கிறீர்களா” என்று வாடிக்கையாளரிடம் கேட்டாக வேண்டும் என விதிக்க வேண்டும். அதுவரை, எஸ்.ஐ.பி. வைத்திருக்கும் வாசகர்கள் வாரம் ஒருமுறையாவது டீமேட் கணக்கைத் திறந்து, நிறுவனத்தின் பெயரோடு ஆர்.இ. என்று முடியும் வரி ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். விண்ணப்பிக்கப் பணம் இல்லையென்றால், வர்த்தகத்தின் கடைசி நாளுக்கு முன்பே அதை விற்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு பங்குதாரர் ஒருவர்